சைற் டயறியில் ஒரு செவ்வாய்க்கிழமை

"மண் சரியில்லை. ரீ.ஓ. சொன்னபடி கூட வெட்டினது. பின்னேரம் மழை. வேலை தாமதம்."

வன்னியில் வேலை செய்யும் சிறிய ஒப்பந்தகாரர்களுடைய சைற் டயறிகளில் இப்படியான வரிகளைத்தான் அதிகம் காண்கிறேன். கடைசி பில்லில் பிணக்கு வந்தபிறகு, "இதை வைத்து ஏதாவது செய்யலாமோ, அண்ணை?" என்று டயறியைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள். எழுதியதில் பொய் எதுவும் இருக்காது. அந்த நாலு வரியும் நடந்ததுதான். ஆனால் எவ்வளவு வெட்டினார்கள், யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார், மழை எப்போது தொடங்கியது, எந்த வேலை நின்றது என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் பதில் இராது. அதே நாளை எப்படி எழுதியிருக்கலாம் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். பல சைற்றுகளில் கண்டதைச் சேர்த்து ஓர் உதாரணமாக அமைத்திருக்கிறேன்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிற ஒரு கிளை றோட்டில், வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பெட்டி மதகு கட்டுகிற வேலை என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகை மாதம், மாரி தொடங்கிவிட்டது. அத்திவாரக் குழி 6 மீற்றர் நீளம், 4.5 மீற்றர் அகலம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் குழியின் அடியில் மெல்லிய கொங்கிரீட் படுக்கை போடுவது என்று வேலை அட்டவணை. மேட்டு நிலத்தில் செம்மண்ணைக் காண்கிற நமக்கு, வயலும் வாய்க்காலும் உள்ள பள்ளத்தில் இறங்கினால் கறுப்புக் களி சந்திக்கும். வரைபடத்தில் காட்டிய மட்டத்துக்கு ஜேசிபி வெட்டி முடித்தபோது அடியில் அந்தக் களிதான் இருந்தது, கால் வைத்தால் புதைகிற பதத்தில். தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு, அதாவது எல்லோரும் சொல்கிற ரீ.ஓ.வுக்கு, போன் எடுக்கிறார்கள். அவர் வரும்வரை நிற்கச் சொல்கிறார். பின்னேரம் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு மேல கட்டேலாது. இன்னும் ஒண்டரை அடி வெட்டிப்போட்டுக் கருங்கல்லை அடுக்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வெட்டி முடிய மழை வருகிறது. அடுத்தநாள் முழுவதும் தண்ணி இறைக்கவும் கல் நிரப்பவும் போய்விடுகிறது.

ஓராண்டு கழித்து, கடைசி பில்லில் அந்தக் கூடுதல் தோண்டலுக்கும் கருங்கல்லுக்கும் காசு கேட்கிறார்கள். வேலை பிந்தியதற்காகத் தாமதக் கட்டணம் வெட்டப்படுவதை எதிர்த்து நாட்களும் கேட்கிறார்கள். அலுவலகத்திலிருந்து வரும் பதில், வரைபடத்தில் அந்த ஆழம் இல்லை, எழுத்தில் அறிவுறுத்தல் இல்லை, கார்த்திகையில் மழை பெய்வது யாவரும் அறிந்தது என்பதாக இருக்கும். ரீ.ஓ. அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறியிருப்பார். குழியின் மேல் மதகு நிற்கும். கல் எவ்வளவு ஆழத்துக்குக் கிடக்கிறது என்று இனித் தோண்டிப் பார்க்க ஒருவராலும் முடியாது.

அந்த நிலையில் பேசக்கூடியது செவ்வாய்க்கிழமைப் பக்கம் ஒன்றுதான். நான் எழுதச் சொல்வது இப்படி:

"செவ்வாய். காலை வெயில், நிலம் ஈரம். ஆட்கள்: மேற்பார்வையாளர் 1, மேசன் 2, கம்பி வேலை 2, கூலியாட்கள் 6. மெசின்: வாடகை ஜேசிபி 1. மு.ப. 7.00 வேலை தொடக்கம். 7.30 – 8.15 ஜேசிபியின் ஹைட்ரோலிக் குழாய் வெடித்து நின்றது, மாற்றியபின் தொடர்ந்தது. 9.40 மதகுக் குழி வரைபட அடிமட்டத்தை அடைந்தது. அடியில் கறுப்புக் களி, 12 மி.மீ. கம்பி கையால் அமத்த ஏறக்குறைய 400 மி.மீ. இறங்கியது; கிழக்குப் பக்கத்தால் நீர்க்கசிவு. 9.50 தோண்டல் நிறுத்தம். 9.55 ரீ.ஓ.வுக்குப் போன், தான் வரும்வரை நிற்கச் சொன்னார். 9.50 – 2.30 ஜேசிபி சும்மா நின்றது (சாப்பாட்டு நேரம் 12.00 – 1.00); சைற்றில் மெசினுக்கு வேறு வேலை இல்லை. மேசன் 2, கூலியாள் 2 சும்மா. மற்ற 4 கூலியாட்களும் கம்பி முற்றத்துக்கு மாற்றப்பட்டனர். 2.20 ரீ.ஓ. வருகை. 2.30 ஒன்றரை அடி கூட வெட்டி, கருங்கல் அடுக்கி, இடைவெளியைக் கல்தூளால் நிரப்பும்படி வாயால் அறிவுறுத்தினார். மேற்பார்வையாளரும் மூத்த மேசனும் கூட நின்றனர். 2.30 – 4.10 தோண்டல். 4.20 லெவல் வைத்து ஐந்து இடத்தில் அளந்தது, வரைபட மட்டத்துக்குக் கீழே: 0.41, 0.47, 0.45, 0.44, 0.48 மீ. குழி 6.0 × 4.5 மீ. படம் 8. இன்று பி.ப. 2.00க்குப் போட இருந்த படுக்கைக் கொங்கிரீட் போடப்படவில்லை. கருங்கல் நாளைக்குச் சொல்லியுள்ளது. 5.10 மழை தொடக்கம்."

இதை எழுத இருபது நிமிடம் போதும். இதில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ரீ.ஓ. பிந்தி வந்தார், அலுவலகத்தின் பொறுப்பின்மை என்றெல்லாம் கோபத்தில் எழுதப்பட்ட பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியான ஒரு வசனம் இருந்தால், வழக்கை மனதில் வைத்தே டயறியை எழுதினார்கள் என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிடும். 9.55க்குப் போன், 2.20க்கு வருகை என்று இரண்டு நேரத்தை எழுதினால் வாசிப்பவரே கழித்துப் பார்த்துக்கொள்வார்.

ஹைட்ரோலிக் குழாய் வெடித்ததை ஏன் எழுதவேண்டும் என்று பலர் கேட்பார்கள். அது நம்முடைய பக்கத்துத் தாமதம், முக்கால் மணி. அதை மறைத்து எழுதினால், ஜேசிபிக்காரரின் வாடகைக் கணக்குப் புத்தகத்திலிருந்து அது ஒருநாள் வெளியே வரும். அதோடு டயறியின் மற்ற எல்லா வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மெசின் நின்ற நேரத்திலும் இதே கவனம் வேண்டும். 9.50 முதல் 2.30 வரை நாலு மணி நாற்பது நிமிடம். சாப்பாட்டு மணியைக் கழித்தால் மூன்று மணி நாற்பது நிமிடம். மெசின் எப்படியும் நின்றிருக்கக்கூடிய நேரத்தைக் கழித்துவிட்டுக் கேட்கிற ஆளின் மீதிக் கணக்கை நடுவர் நம்பத் தொடங்குவார்.

நாலு கூலியாட்களைக் கம்பி முற்றத்துக்கு மாற்றிய வரி சிறியது, ஆனால் அது இல்லாவிட்டால் கோரிக்கை பலவீனமாகும். தாமதம் வந்தபோது நட்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். மாற்றக்கூடியவர்களை மாற்றினோம், மெசினுக்கு மாற்று வேலை இருக்கவில்லை என்று அன்றே எழுதிவைத்தால் அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

அடுத்தது அளவு. "ஒன்றரை அடி" என்பது ரீ.ஓ.வின் வாய்ச்சொல். காசு தருவது உண்மையில் வெட்டிய அளவுக்கு. ஐந்து அளவுகளின் சராசரி 0.45 மீற்றர். 6.0 × 4.5 × 0.45 என்றால் 12.15 கனமீற்றர். ஒரே அளவை எழுதாமல் ஐந்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம், குழியின் அடி ஒருபோதும் பலகைபோல் இருப்பதில்லை. எல்லா இடமும் சரியாக 0.45 என்று எழுதியிருந்தால் அனுபவமுள்ள பொறியியலாளர் அதை அளந்ததாக நம்பமாட்டார். லெவலை எந்த அடையாள மட்டத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் லெவல் புத்தகத்தின் பக்க எண்ணையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இனி அந்த அளவுக்கு டயறிக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். புதன்கிழமை ரிப்பரில் கருங்கல் வருகிறது: ஒன்று 3 கியூப், மற்றது 2.5 கியூப். இரண்டு துண்டின் எண்ணும், வண்டி எண்ணும், வந்த நேரமும் புதன்கிழமைப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரு கியூப் என்பது நூறு கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். 12.15 கனமீற்றர் குழிக்கு 4.3 கியூப் வருகிறது. வந்தது 5.5 கியூப். பின்னேரம் ஏறக்குறைய அரைக் கியூப் கல் றோட்டோரம் மிஞ்சிக் கிடந்தது என்றும் எழுதினால், ஐந்து கியூப் தளர்ந்த கல் அடுக்கி இறுக்கியபோது 4.3 கியூப் இடத்தில் அடங்கியது என்று கணக்குப் பொருந்துகிறது. மிச்சத்தை எழுதாமல் விட்டால், வந்த கல்லுக்கும் குழிக்கும் இடையில் ஒரு கியூபுக்கு மேல் வித்தியாசம் நிற்கும். அந்தக் கல் வேறெங்கோ போனது என்று சொல்வதற்கு ஒரு வரி போதும்.

படங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழியின் அடியில் மட்டக்கோல் நிற்கவேண்டும், அதன் இலக்கங்கள் படத்தில் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஒரு படமாவது தூர நின்று, பின்னால் உள்ள மின்கம்பமோ மதகின் பழைய சுவரோ தெரியும்படி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது எந்த ஊர்க் குழி என்றும் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் வைத்திருக்காதீர்கள். அனுப்பும்போது படம் சுருங்கி, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். போனில் உள்ள மூலப் படத்தை அப்படியே கணினிக்கு மாற்றி வையுங்கள்.

இவ்வளவும் எழுதியபிறகும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ரீ.ஓ. வாயால் சொன்னதை நாம் நம்முடைய புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். அது நம்முடைய கூற்றுத்தான். அதை இருபக்கக் கூற்றாக மாற்ற அன்று இரவே ஒரு வேலை செய்யவேண்டும்.

பெரிய வேலைகளுக்கு இலங்கையில் பயன்படுகிற, கட்டுமானத்துறையை ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனமான சீடாவின் ஒப்பந்தப் படிவங்கள், முன்பு இக்டாட் படிவங்கள் என்று அழைத்தவை, பல வகை. அவற்றில் எஸ்.பி.டி. 02 போன்றவை சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பான பிடிக் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட, செந்நூல் எனப்படும் மாதிரி ஒப்பந்தத்தைத் தழுவியவை. அந்தச் செந்நூலின் 3.3ஆம் பிரிவு பயனுள்ள ஒரு வழியைத் தருகிறது. பொறியியலாளரோ அவர் அதிகாரம் கொடுத்த உதவியாளரோ வாயால் அறிவுறுத்தல் தந்தால், ஒப்பந்தகாரர் அதை இரண்டு வேலைநாட்களுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். அது கிடைத்து இரண்டு வேலைநாட்களுக்குள் எழுத்தில் மறுப்போ வேறு அறிவுறுத்தலோ வராவிட்டால், நாம் அனுப்பிய கடிதமே எழுத்து அறிவுறுத்தலாகிவிடும். சிறிய வேலைகளுக்கான படிவங்களில் வாசகம் வேறாக இருக்கலாம். ஆகவே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இந்த இடத்தைத் தேடி வாசித்து, டயறியின் முதற்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. "சேர், இன்று பி.ப. 2.30க்கு மதகுக் குழியில், வரைபட மட்டத்தில் மென்களி காணப்பட்டதால், மேலும் ஒன்றரை அடி தோண்டிக் கருங்கல்லால் நிரப்பும்படி தொழில்நுட்ப உத்தியோகத்தர் தந்த வாய்மொழி அறிவுறுத்தலை இதனால் உறுதிப்படுத்துகிறோம். நாளை மு.ப. 11.30 அளவில் கல் நிரப்பத் தொடங்குவோம். அதற்குமுன் குழியை அளந்து பார்க்க வருமாறு கேட்டுக்கொள்கிறோம்." இவ்வளவுதான். இதைப் பொறியியலாளருக்கு அனுப்பி ரீ.ஓ.வுக்குப் பிரதி வையுங்கள். ஏனென்றால் இந்த மாற்றத்தைச் சொல்ல ரீ.ஓ.வுக்கு அதிகாரம் கையளிக்கப்பட்டிருக்கிறதா என்பதே பின்னர் கேள்வியாகலாம். பொறியியலாளருக்குப் போன கடிதம் அந்தக் கேள்வியைச் சமாளிக்கும். ஒப்பந்தத்தில் மின்னஞ்சல் ஏற்கப்பட்டிருந்தால் மின்னஞ்சல், இல்லாவிட்டால் கையால் கொடுத்துப் பிரதியில் ஒப்பம். வாட்ஸ்அப் தகவல் துணையாக இருக்கட்டும், அதையே கடிதமாக நம்பவேண்டாம். மூடுமுன் பார்க்க வரச் சொல்கிற கடைசி வசனத்தை விடவே கூடாது. மூடப்படப்போகும் வேலையை முன்னறிவிப்பது செந்நூலின் 7.3ஆம் பிரிவில் ஒப்பந்தகாரரின் கடமை. அவர் வந்தால் அளவுத்தாளில் ஒப்பம் வாங்கலாம். வராவிட்டால், "அழைத்தோம், வரவில்லை, 11.30க்கு மூடத் தொடங்கினோம்" என்று புதன்கிழமைப் பக்கம் சொல்லும்.

இனி மழை. பிணக்குகளில் அதிகம் தோற்பது மழைக் கோரிக்கைதான். செந்நூலின் 8.4ஆம் பிரிவு காலநீடிப்புத் தருவது விதிவிலக்கான மோசமான காலநிலைக்கு. வன்னியில் ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழை பெய்வது விதிவிலக்கல்ல. அதைக் கணக்கிட்டே விலை கொடுத்ததாகக் கொள்வார்கள். ஆகவே "மழை, வேலை இல்லை" என்று எத்தனை பக்கம் எழுதினாலும் நாள் கிடைப்பது கடினம்.

ஆனால் நம்முடைய செவ்வாய்க்கிழமையில் மழையின் இடம் வேறு. 9.40க்கு வரைபட மட்டத்தில் நல்ல மண் இருந்திருந்தால் 2 மணிக்குப் படுக்கைக் கொங்கிரீட் போயிருக்கும். 5.10க்கு வந்த மழை திறந்த களிக்குழிக்குள் இறங்கியிருக்காது. குழி திறந்து கிடந்தது மண்ணாலும் காத்திருப்பாலும். மழை அதன்மேல் வந்து சேர்ந்தது. இந்தத் தொடர்பை நிறுவ மூன்று விடயம் வேண்டும்: படுக்கை எத்தனை மணிக்குப் போட இருந்தது, மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, மழை என்ன சேதம் செய்தது. முதல் இரண்டும் செவ்வாய்ப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாவது புதன்கிழமை முதல் வரியாக வரவேண்டும்: "மு.ப. 7.00 குழியில் 0.6 மீ. தண்ணி, 7.15 – 11.00 பம் வைத்து இறைத்தது." படுக்கை வியாழன் 9 மணிக்குப் போடப்பட்டால், செவ்வாய் 2 மணியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வேலைநாள் போயிருக்கிறது. அதிலிருந்து ஜேசிபி நின்ற முக்கால் மணியை யார் தலையில் போடுவது என்று வாதிக்கலாம். மற்றதெல்லாம் பக்கத்திலேயே தெரிகிறது.

மழையளவுத் தரவு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் மழைவீழ்ச்சி காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்துக்கு உரியது. செவ்வாய் பின்னேரம் பெய்த மழை புதன் காலை அளவில் வரும். இதைக் கவனியாமல் செவ்வாய்த் திகதிக்கு நேரே உள்ள இலக்கத்தைப் பார்த்து, அன்று மழையே இல்லை, டயறி பொய் என்று சொல்லிவிடுவார்கள். டயறியில் தொடக்க நேரமும் விட்ட நேரமும் இருந்தால் அந்தக் குழப்பம் உடனே தீரும். வன்னி மழை ஊருக்கு ஊர் வேறுபடுவதால், நிலையம் தூரமானால் சைற்றில் ஒரு சாதாரண மழைமானியை வைத்து அதே 8.30க்கு வாசியுங்கள்.

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் தோண்டுகிறவர்களுக்கு இன்னொன்றும் நேரலாம். வாளியில் சந்தேகமான உலோகம் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிசுக்கு அறிவிப்பதுதான் முதல் வேலை. டயறி பிறகு. எழுதும்போது நிறுத்திய நேரம், அறிவித்த நேரம், எவ்வளவு தூரம் அடைக்கப்பட்டது, மீளத் தொடங்கலாம் என்று யார் எப்போது அனுமதித்தார் என்ற நாலையும் விடாதீர்கள். அடைத்த எல்லைக்கு வெளியே எந்த வேலை நடந்தது என்பதையும் எழுதினால்தான் உண்மையில் நின்ற பகுதி தெரியும்.

புத்தகத்தைப் பொறுத்தவரை, தைத்த, பக்க எண் அச்சிட்ட புத்தகமும் காபன் தாளும் போதும். பக்கம் கிழிக்கக்கூடாது. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் திகதியும். மறுநாள் நினைவுக்கு வந்ததை மறுநாள் பக்கத்தில், "நேற்று எழுதாமல் விட்டது" என்று எழுதுங்கள். இடைவெளியில் செருகவேண்டாம். எழுதுவதும் அன்றே நடக்கவேண்டும். இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு, சம்பவம் நடந்தபோதோ நினைவு பசுமையாக இருக்கும்போதோ தான் எழுதிய எழுத்தைப் பார்த்துச் சாட்சி நினைவைப் புதுப்பிக்க இடம் தருகிறது. மாதக் கடைசியில் ஒரே பேனையில் முப்பது பக்கமும் நிரப்பியவருக்கு அந்த நிழலில் நிற்பது கடினம். மொழி தமிழாகவே இருக்கட்டும். தேவை வந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மாற்றித் தருவார். தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறி எழுதினால், அன்று சொல்ல நினைத்தது பக்கத்திலேயே வராமல் போகும்.

நல்ல டயறி வைத்திருந்தும் காசை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன், டயறியையே கோரிக்கை என்று நினைத்ததால். டயறி நம்முடைய அலுமாரியில் இருப்பது. கோரிக்கை அறிவித்தல் பொறியியலாளரின் கைக்குப் போகவேண்டியது. செந்நூலின் 20.1இன்படி, சம்பவத்தை அறிந்த, அல்லது அறிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்காவிட்டால் கால நீடிப்பும் கூடுதல் கொடுப்பனவும் கேட்கும் உரிமை போய்விடும். முழு விபரமும் கணக்கும் 42 நாட்களுக்குள். நம்முடைய கதையில் எண்ணத் தொடங்குவது, களி தெரிந்த அந்தச் செவ்வாய்க்கிழமை. அறிவித்தலில் தொகை தேவையில்லை. என்ன நடந்தது, எந்தத் திகதி, நேரமும் கொடுப்பனவும் கேட்கப்போகிறோம் என்ற நாலைந்து வரி போதும். ஆகவே செவ்வாய்ப் பக்கத்தை எழுதி முடித்ததும், நாலாவது திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டி, அதன் தலையில் "மதகுக் களிமண் அறிவித்தல்: நாளை கடைசி நாள்" என்று எழுதுங்கள். அனுப்பியதும் அதன்மேல் கோடு போட்டு, கடித எண்ணையும் கையேற்றவரின் பதவியையும் பக்கத்தில் குறியுங்கள்.